மேயர நாம போடணுமா, கவுன்சிலர் போடணுமா? நாகர்கோவில்ல இருந்து ஒரு கணக்கு

2022 மார்ச் 4. நாகர்கோவில் மாநகராட்சிக்கு முதல் மேயர தேர்ந்தெடுத்த நாள். மொத்தம் 52 வார்டு. அதுல திமுக 24, காங்கிரஸ் 7, மதிமுக 1, ஆக ஆளும் கூட்டணிக்கு 32 பேரு. அந்தப் பக்கம் பாஜக 11, அதிமுக 7, சுயேச்சை 2, எல்லாம் சேந்தாலும் 20தான். டீக்கடைல சாயா ஆத்துறவருக்குகூட ரிசல்ட் தெரியும், 32க்கு 20, இதுல பாக்க என்ன இருக்குனு போய்ட்டே இருக்கலாம். ஆனா பெட்டிய திறந்தப்ப திமுக மகேஷுக்கு 28, பாஜக மீனாதேவுக்கு 24. ஜெயிச்சது ஜெயிச்சதுதான், ஆனா நாலு ஓட்டு இங்கேருந்து அங்க போயிருக்கு.

அந்த நாலு பேரு யாரு? இன்னைக்கு வரைக்கும் சட்டப்படி யாருக்கும் தெரியாது, ஏன்னா அது ரகசிய ஓட்டு. நீங்க உங்க வார்டுல ஒரு சின்னத்த பாத்து, அந்தக் கூட்டணிய நம்பி ஒரு ஆள ஜெயிக்க வச்சு அனுப்பியிருப்பீங்க. அவரு உள்ள போயி மேயர் ஓட்ட யாருக்கு குத்துனாருனு உங்களுக்கு தெரியவே தெரியாது, கேட்டாலும் "நம்ம ஆளுக்குதான் போட்டேன்"னுதான் சொல்லுவாரு, 32 பேரும் அதத்தான் சொல்லுவாங்க, அதுல நாலு பேரு பொய் சொல்றாங்க, யாருனு மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

மேயர மக்களே நேரடியா தேர்ந்தெடுக்கணுமா இல்ல கவுன்சிலருங்க கூடி தேர்ந்தெடுக்கணுமாங்குற பேச்சு நம்ம ஊர்ல தேர்தலுக்கு தேர்தல் வரும். அப்பல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது இந்த நாலு ஓட்டுதான். இத வச்சுகிட்டு பாத்தா "நேரடிதான் பெஸ்ட், முடிஞ்சுது கதை"னு சொல்லத் தோணும். நானும் ரொம்ப நாள் அப்படிதான் சொல்லிட்டு திரிஞ்சேன். இப்ப அப்படி நினைக்கல, ஏன்னு சொல்றேன்.

முதல்ல நம்ம ஊரு ரெண்டு முறையையும் பாத்த ஊருங்குறத மறந்துறக் கூடாது. 2011ல நாகர்கோவில் நகராட்சியா இருந்தப்ப தலைவர் பதவிக்கு நேரடி ஓட்டு. வார்டுக்கு ஒரு ஓட்டு, தலைவருக்கு ஒரு ஓட்டு. அப்ப ஜெயிச்சது மேல சொன்ன அதே மீனாதேவ்தான். அதே ஆளு, அதே கட்சி. 2011ல ஊரே நேரா ஓட்டு போட்டப்ப தலைவரானாங்க, 2022ல கவுன்சில் ஓட்டு போட்டப்ப தோத்தாங்க. பதினோரு வருஷத்துல அரசியல் மாறிப்போச்சு, அது வேற விஷயம், அதனால இத மட்டும் வச்சு எந்த முறை யாருக்கு லாபம்னு சொல்ல முடியாது. ஆனா 2011ல கட்சிய தாண்டி ஆளப் பாத்து ஒரு ஓட்டு, வார்டுக்கு வேற கட்சிக்கு ஒரு ஓட்டுனு பிரிச்சு போட நமக்கு வழி இருந்துச்சு. 2022ல அது இல்ல.

நடுவுல இருந்த காலம் அதவிட கூத்து. 2016 அக்டோபரோட உள்ளாட்சி மன்றங்களோட காலம் முடிஞ்சு போச்சு, நகர்ப்புறத்துல அடுத்த தேர்தல் வந்தது 2022 பிப்ரவரிலதான். அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி. இதுக்கு இடையில 2019ல நாகர்கோவில் மாநகராட்சியா ஆச்சு, அதாவது மேயரே இல்லாம மூணு வருஷம் ஓடுன மாநகராட்சி நம்முது. வரி கட்டுனோம், தண்ணி வந்தா பிடிச்சோம், வரலைனா லாரித் தண்ணி வாங்குனோம், மேயர் இல்லாத குறை ரொம்பப் பேருக்கு தெரியவே இல்ல. இத எதுக்கு சொல்றேன்னா, மேயர் இல்லாமலே மாநகராட்சி ஓடும்னா அப்ப அத ஓட்டுறது யாரு? இந்தக் கேள்விக்கு அப்புறம் வர்றேன்.

சட்டம் எப்படி இருக்குனு பாத்தா, அரசியலமைப்புல 74வது திருத்தம் வந்தப்ப (1993 ஜூன்ல அமலுக்கு வந்தது) நகராட்சித் தலைவர எப்படி தேர்ந்தெடுக்கணும்ங்குறத அந்தந்த மாநிலமே முடிவு பண்ணிக்கட்டும்னு 243ஆர் பிரிவுல விட்டுட்டாங்க. நம்ம மாநிலம் அந்த சுதந்திரத்த நல்லாவே பயன்படுத்திகிட்டு இருக்கு. 1996ல நேரடி. 2006ல மறைமுகம், அதாவது கவுன்சிலருங்க கூடி தேர்ந்தெடுக்குறது. 2011ல திரும்ப நேரடி. 2016ல மறைமுகம்னு சட்டம் போட்டாங்க, தேர்தலே நடக்கல, 2018ல நேரடினு மாத்துனாங்க, அப்பவும் தேர்தல் நடக்கல, 2019 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். பஸ் ஸ்டாண்டுல பிளாட்பாரம் மாத்துற மாதிரி மாத்திட்டே இருக்காங்க. ரெண்டு பெரிய கட்சியும் ரெண்டு முறையையும் ஆதரிச்சும் இருக்கு, எதிர்த்தும் இருக்கு, அதனால "இந்தக் கட்சி ஜனநாயகம், அந்தக் கட்சி இல்ல"னு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மறைமுகத்துக்கு மாத்தும்போது சொல்ற காரணம் எப்பவும் ஒண்ணுதான்: மேயர் ஒரு கட்சி, மன்றத்துல பெரும்பான்மை வேற கட்சினு ஆயிட்டா வேலை நடக்காது.

இது சும்மா சாக்குனு தள்ளிற முடியாது. சிம்லாவ எடுத்துக்கோங்க. 2012ல அங்க மேயருக்கும் துணை மேயருக்கும் நேரடி தேர்தல் வச்சாங்க. ரெண்டு பதவிலயும் ஜெயிச்சது மார்க்சிஸ்ட் கட்சி. ஆனா 25 வார்டுல அந்தக் கட்சிக்கு கிடைச்சது 3. மிச்சமெல்லாம் பாஜகவும் காங்கிரஸும். யோசிச்சு பாருங்க, ஊரே ஓட்டு போட்டு ஒரு மேயர அனுப்பியிருக்கு, அவரு ஒரு தீர்மானம் நிறைவேத்தணும்னா எதிர்க்கட்சி வாசல்ல போயி நிக்கணும். நல்லது நடந்தா எல்லாரும் பங்கு கேப்பாங்க, ரோடு போடலைனா மேயர் "கவுன்சில் விடல"ம்பாரு, கவுன்சில் "மேயருக்கு துப்பில்ல"ம்பாங்க. ஓட்டு போட்டவனுக்கு யார அடிக்கணும்னே தெரியாது. பொறுப்பு கேக்குறதுக்கு நேரடி தேர்தல்னு சொல்லிட்டு கடைசில பொறுப்பு ரெண்டா பிளந்து போச்சு. அதுக்கப்புறம் இமாச்சல்ல மறைமுகத்துக்கே திரும்பிட்டாங்க.

அப்ப கவுன்சில் தேர்ந்தெடுக்குற மேயர் நல்லவரா? இதுக்கு நமக்கு பக்கத்து ஊரே இருக்கு. திருநெல்வேலி.

நெல்லை மாநகராட்சில 55 வார்டு. 2022ல அதிமுகவுக்கு கிடைச்சது 4 மட்டும். மிச்சம் 51ம் திமுக கூட்டணி, அதுலயும் திமுக மட்டும் 44. இவ்வளவு பலத்தோட மேயரானவருக்கு கண்ண மூடிட்டு அஞ்சு வருஷம் ஓடிரும்னுதான யாரும் நினைப்பாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள சொந்தக் கட்சி கவுன்சிலருங்களே கையெழுத்து போட்டு நம்பிக்கையில்லா தீர்மானம் கேட்டாங்க. 2024 ஜனவரி 12ஆம் தேதி கூட்டம் போட்டாங்க. ஒரு கவுன்சிலர்கூட வரல. தீர்மானம் கேட்டு கையெழுத்து போட்டவங்களே வரல! ஆள் இல்லாததால தீர்மானம் அப்படியே விழுந்துச்சு. சரி மேயர் தப்பிச்சாருனு பாத்தா அதே வருஷம் ஜூலைல ராஜினாமா பண்ணுனாரு. அதே சமயத்துல கோயம்புத்தூர் மேயரும் ராஜினாமா. ஆகஸ்ட் 5ஆம் தேதி நெல்லைல புது மேயர் தேர்தல் வச்சப்ப கட்சி அறிவிச்ச வேட்பாளருக்கு 30 ஓட்டு, அதே கட்சில இருந்து எதிர்த்து நின்னவருக்கு 23 ஓட்டு. எதிர்க்கட்சிக்கு 4 பேரு மட்டும் இருக்குற மன்றத்துல 23னா அது எங்கேருந்து வந்துச்சுனு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

இத ரெண்டு விதமா பாக்கலாம். ஒருத்தரு சொல்லலாம், பாத்தியா, மறைமுக முறைல மேயர் சரியில்லைனா அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டாம், ரெண்டரை வருஷத்துல ஆளு மாறிருச்சு, நேரடி மேயரா இருந்தா இது நடந்திருக்குமா? உண்மைதான், அது இந்த முறையோட பலம். கவுன்சில் தேர்ந்தெடுத்த மேயர் தினமும் கவுன்சிலருங்க முகத்துல முழிச்சாகணும், மாசாமாசம் கூட்டத்துல கேள்வி வரும், அவங்கள பகைச்சுகிட்டு ஓட்ட முடியாது.

ஆனா எனக்கு உறுத்துறது வேற. மேயர் செஞ்ச தப்பு என்ன, தப்பே செய்யலையா, எதுக்கு எதிர்த்தாங்க, எதுக்கு ஜனவரில வராம இருந்தாங்க, எதுக்கு ஜூலைல ராஜினாமா, இதுல எதுவும் மன்றத்துல வச்சு பேசி, பதில் கேட்டு, ஓட்டெடுத்து நடக்கல. எல்லாமே மன்றத்துக்கு வெளிய நடந்துச்சு. மேயர் யாருக்கோ பதில் சொல்லியிருக்காரு, யாருக்கோ பயந்திருக்காரு, அந்த யாரோ பாளையங்கோட்டைல வரி கட்டுற ஆளு இல்ல. மேயருக்கு கவுன்சிலர பாத்து பயம், கவுன்சிலருக்கு கட்சிய பாத்து பயம், கட்சிக்கு நம்மள பாத்து பயம் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வந்தா உண்டு. நடுவுல ஒரு கண்ணி அறுந்தாலும் நம்ம சத்தம் மேல போகாது.

அந்தக் கண்ணி எங்க அறுபடுதுனு தெரியணும்னா பார்டர் தாண்டி கேரளாவுக்கு போகணும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலைல எங்க மாமி வீடு. அங்கயும் கவுன்சிலரும் மெம்பரும்தான் தலைவர தேர்ந்தெடுக்குறாங்க, திருவனந்தபுரம் மேயர்ல இருந்து பஞ்சாயத்து பிரசிடெண்ட் வரைக்கும் மறைமுகம்தான். ஆனா ரெண்டு வித்தியாசம் இருக்கு. ஒண்ணு, அங்க அந்த ஓட்டு ரகசியம் இல்ல. ஓட்டுச்சீட்டுக்கு பின்னாடி உறுப்பினர் தன் பேர எழுதி கையெழுத்து போடணும். எண்ணும்போது யாரு யாருக்கு போட்டாங்கனு தெரிஞ்சுரும். ரெண்டு, 1999ல இருந்து உள்ளாட்சிக்குன்னே கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கு. இப்படித்தான் ஓட்டு போடணும்னு கட்சி கொடுக்குற விப்ப மீறுனா பதவி போகும், ஆறு வருஷம் நிக்கவும் முடியாது. நம்ம பக்கம் எம்எல்ஏ எம்பிக்குதான் தாவல் சட்டம், கவுன்சிலருக்கு ஒண்ணும் கிடையாது.

மாமி கிட்ட ஒருக்கா கேட்டேன், உங்க மெம்பர் பிரசிடெண்ட் தேர்தல்ல யாருக்கு போட்டாருனு தெரியுமா மாமினு. "அது பின்ன தெரியாதா, மறுநாளே ரோட்ல எல்லாவரும் பேசுனாவளே"ன்னாவ. அதுல ஒரு விசேஷமும் இல்லாத மாதிரி சொன்னாவ. இங்க நாகர்கோவில்ல அந்த நாலு ஓட்டு ஒரு மர்மக் கதை.

இதுல எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, சொல்லிர்றேன். ஓட்டு வெளிப்படையா இருந்தா, கட்சி தாவவும் முடியாதுனா, கவுன்சிலர் கட்சித் தலைமையோட ரப்பர் ஸ்டாம்பு ஆயிர மாட்டாரா? ஆவாரு. நல்ல மனசாட்சியோட எதிர்த்து ஓட்டு போடணும்னு நினைக்குற ஒருத்தரையும் சேத்துதான் கட்டிப் போடுது. ஆனா பிப்ரவரில நம்மகிட்ட ஒரு சின்னத்த காட்டி ஓட்டு வாங்கிட்டு மார்ச்ல கமுக்கமா வேற பெட்டில போடுற சுதந்திரத்த மனசாட்சினு சொல்ல எனக்கு வாய் வரல. மனசாட்சி உள்ளவரு கையெழுத்து போட்டே எதிர்த்து போடலாமே.

சரி, இப்ப மேல விட்ட கேள்விக்கு வர்றேன். மேயர் இல்லாமலே மூணு வருஷம் ஓடுச்சுல்ல, அத ஓட்டுனது யாரு?

எங்க சித்தப்பா ஒருத்தரு நகராட்சில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, எந்த ஊருனு வேண்டாம். எங்க மச்சான் வீட்டு முன்னாடி ஓடை ஸ்லாப் உடைஞ்சு, ஒரு ஸ்கூட்டர் அதுக்குள்ள போயி, ஏழு மாசமா ஒரு பழைய கதவ போட்டு மூடி வச்சிருந்தாங்க, அதுவும் வேற ஊருதான். மச்சான் கவுன்சிலர பாத்தான், சேர்மன பாத்தான், ரெண்டு பேரும் "பண்ணிரலாம்"னாங்க. அப்பதான் சித்தப்பா சிரிச்சுகிட்டே சொன்னாரு, "மக்கா, நீ தப்பான வாசல்ல நிக்கல, ஆனா சாவி இல்லாத வாசல்ல நிக்க." அப்புறம் ஒரு பேப்பர் எடுத்து எழுதியே காட்டுனாரு. ஸ்லாப் உடைஞ்சா உதவிப் பொறியாளர் போயி அளந்து எஸ்டிமேட் போடணும். அது கமிஷனர் மேசைக்கு போகும். தொகை பெருசுனா மன்றக் கூட்டத்துக்கு பொருளா வரும். கவுன்சிலருங்க தீர்மானம் போடுவாங்க. அப்புறம் டெண்டர், டெண்டர் எடுத்தவருக்கு ஒர்க் ஆர்டர், வேலை முடிஞ்சா எம்-புக்குங்குற அளவுப் புத்தகத்துல அளவு எழுதணும், அத வச்சு பில், பில்லுக்கு பணம். இந்த வரிசைல மேயரோ சேர்மனோ எங்க வர்றாருனு கேட்டாரு. யோசிச்சு பாத்தா தீர்மானம் போடுற அந்த ஒரு இடத்துலதான். கூட்டத்துக்கு தலைமை தாங்குவாரு, பொருள எடுக்கலாம், ஒத்தி வைக்கலாம், சத்தம் போடலாம். ஆள வேலைக்கு அனுப்புறது, பில்லுக்கு கையெழுத்து போடுறது, எஞ்சினியர கேள்வி கேட்டு நடவடிக்கை எடுக்குறது எல்லாம் கமிஷனர். நிர்வாக அதிகாரம் சட்டப்படியே அவர்கிட்டதான் இருக்கு. அவர நியமிக்குறதும் மாத்துறதும் மாநில அரசு.

அதனாலதான் தனி அலுவலர் காலத்துல ஊருக்கு பெருசா ஒண்ணும் தெரியல. இல்லாம போனது கேள்வி கேக்குற மன்றம், வேலை செய்யுற நாற்காலி அப்படியேதான் இருந்துச்சு.

இத கிராமத்தோட வச்சு பாத்தா இன்னும் நல்லா புரியும். நம்ம மாவட்டத்துல 95 ஊராட்சி இருக்கு. அங்க தலைவர நேரடியாதான் தேர்ந்தெடுக்குறோம், எந்த ஆட்சி வந்தாலும் அத மாத்தல. அங்க தலைவருதான் நிர்வாக அதிகாரி. செக்குல அவரு கையெழுத்து, கூட துணைத்தலைவர் கையெழுத்து. தெருவிளக்கு எரியலைனா ஊர்க்காரன் தலைவர் வீட்டு நடையில போயி நிக்கலாம், அவரால "கமிஷனர் விடல"னு சொல்ல முடியாது, ஏன்னா கமிஷனரே கிடையாது. தப்பு பண்ணா கலெக்டர் ஊராட்சிச் சட்டம் 205வது பிரிவுல பதவியில இருந்து எடுக்குற வரைக்கும் போகலாம். நேரடி ஓட்டு, கையில செக், தப்புக்கு நேரா தண்டனை, மூணும் ஒரே ஆள்கிட்ட சேந்து நிக்குது. கிராம சபைல நாலு பேரு எந்திரிச்சு கணக்கு கேட்டா பதில் சொல்ல வேண்டியதும் அதே ஆளுதான். அதுக்காக ஊராட்சில ஊழல் இல்லைனு நான் சொல்ல வரல, சிரிச்சுராதீங்க. யார பிடிக்கணும்ங்குறதுல குழப்பம் இல்ல, அவ்வளவுதான்.

ஆக நேரடி தேர்தல்ங்குறது அதிகாரத்தோட சேந்து வந்தாதான் அர்த்தம். அதிகாரம் இல்லாத மேயர் பதவிக்கு ரெண்டு லட்சம் பேர வரிசைல நிக்க வச்சு ஓட்டு வாங்குனா என்ன நடக்கும்? ஒரு பெரிய முகம் கிடைக்கும். வலம்புரிவிளை குப்பைக் கிடங்குல தீப்பிடிச்சு புகை வந்தா எல்லாரும் அந்த முகத்தத்தான் திட்டுவோம், அவரு போன் பண்ணி அதிகாரிய கெஞ்சுவாரு. திட்டு வாங்குறது ஒருத்தரு, முடிவு எடுக்குறது இன்னொருத்தரு. இதுல நேரடி மேயருக்கு ஒரு சின்ன லாபம் இருக்குங்குறத மறுக்கல. ஊர் மொத்தமும் ஓட்டு போட்ட ஆளு போன் பண்ணா ஒரு அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவாரு. சென்னைல 1996ல மு.க.ஸ்டாலின் நேரடி ஓட்டுல மேயரானப்ப அந்த நாற்காலிக்கு ஒரு எடை வந்துச்சு, ஆட்சியும் சொந்தக் கட்சி ஆட்சி. ஆனா அந்த எடைதான் மாநில அரசுக்கு பிடிக்காம போறதும். 2001ல அவரு திரும்ப ஜெயிச்சாரு, அப்ப கோட்டைல வேற கட்சி. 2002ல எம்எல்ஏ, மேயர்னு ஒருத்தரே ரெண்டு பதவி வகிக்கக் கூடாதுனு சட்டம் வந்துச்சு, மேயர் நாற்காலிய விட்டு இறங்க வேண்டியதாச்சு. அந்தச் சட்டம் சரியா தப்பாங்குறது வேற வாதம், ரெண்டு பதவி வேண்டாம்ங்குறதுல எனக்கே உடன்பாடுதான். நேரடி மேயர் பலமா ஆனா கோட்டைக்கு உறுத்தும், பலமில்லாம இருந்தா நமக்கு பிரயோஜனம் இல்ல.

இன்னொரு விஷயம், நேரடினு போனா இறக்குறது எப்படி? மக்கள் நேரா போட்டு அனுப்புன ஆள 40 கவுன்சிலருங்க கூடி இறக்குனா அது மக்கள் ஓட்ட மதிக்காத மாதிரி ஆகும். இறக்கவே முடியாதுனா அஞ்சு வருஷ ராஜா. இதுக்கு மத்தியப் பிரதேசத்துல ஒரு வழி வச்சிருக்காங்க. நேரடியா தேர்ந்தெடுத்த தலைவர் மேல நம்பிக்கை போச்சுனா, கவுன்சிலர்கள்ல நாலுல மூணு பங்கு பேரு கையெழுத்து போட்டு கேக்கணும். அப்பவும் பதவி போகாது, ஊர் மக்கள்கிட்டயே திரும்ப ஓட்டுக்கு போகும். அந்த ஓட்டுல சின்னம் ரெண்டே ரெண்டு: ஆள் உக்காந்த நாற்காலி, காலி நாற்காலி. இருக்கட்டும்னா முதல் சின்னம், போகட்டும்னா ரெண்டாவது. 2001ல அனுப்பூர்ங்குற சின்ன ஊர்ல இப்படி ஓட்டு வச்சு தலைவர வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சிருக்கு, அந்த சின்னத்துக்காகவே பிடிச்சிருக்குனு வச்சுக்கோங்க. ஆனா இதுலயும் முதல் சாவி கவுன்சிலர்கிட்டதான். எதிர்க்கட்சி நாலுல மூணு பங்கு வச்சிருந்தா நல்ல தலைவருக்கும் தேர்தல் தொல்லை கொடுக்கலாம், தலைவரோட ஆளுங்க நாலுல ஒரு பங்குக்கு மேல இருந்தா மோசமான தலைவரையும் காப்பாத்தலாம். செலவும் இருக்கு, ஒரு இடைத்தேர்தல் செலவு.

கவுன்சில் தேர்ந்தெடுக்குற முறைல இறக்குறது எப்படினா, நம்ம சட்டத்துல நம்பிக்கையில்லா தீர்மானம் இருக்கு, ஆனா சும்மா பாதிக்கு மேல கை தூக்குனா போதாது, அதவிட ரொம்ப கூடுதல் பலம் வேணும். அதனாலதான் காஞ்சிபுரத்துலயும் 2024ல தீர்மானம் கொண்டு வந்து ஆள் வராம போச்சு. மறுபக்கம் நம்ம வடக்க சங்கரன்கோவில் நகராட்சில 2025 ஜூலைல 30 வார்டுல 28 பேரு எதிரா ஓட்டு போட்டு தலைவர இறக்குனாங்க. ஆக முடியாத காரியம் இல்ல, ஆளும் தரப்பு கவுன்சிலரும் எதிர்த் தரப்பும் சேந்தா முடியும். தடையை குறைச்சு பாதிக்கு மேலனு வச்சா மாசத்துக்கு ஒரு மேயர் மாறுவாரோங்குற பயமும் நியாயம்தான். கேரளாவுல பதவியேத்து ஆறு மாசத்துக்குள்ள தீர்மானம் கொண்டு வர முடியாது, அப்புறம் பாதிக்கு மேல இருந்தா போதும், கூடவே தாவல் சட்டம் இருக்குறதால சும்மா சும்மா கவுக்க முடியாது. அது ஒரு மாதிரி சரியா பூட்டியிருக்கு.

அப்ப நாகர்கோவிலுக்கு எது வேணும்? என்னோட கணக்கு இதுதான், ஒத்துக்காதவங்க ஒத்துக்க வேண்டாம்.

கமிஷனர் அதிகாரம் இப்படியே இருக்கப் போகுதுனா, மேயர கவுன்சிலே தேர்ந்தெடுக்கட்டும். ஏன்னா இப்ப இருக்குற ஏற்பாட்டுல மேயரோட உண்மையான வேலை மன்றத்த நடத்துறது, அந்த மன்றத்தோட நம்பிக்கை இல்லாத ஆளு அங்க உக்காந்து ஒண்ணும் பண்ண முடியாது, சிம்லா கதைதான் ஆகும். ஆனா ரகசிய ஓட்டு போகணும். சீட்டுக்கு பின்னாடி கையெழுத்து, அந்த லிஸ்ட் மறுநாள் அலுவலக போர்டுல. இது ஒண்ணுக்காக நேரடி தேர்தல் வேண்டாம்னு சொல்லக்கூட நான் தயார். அதோட 2022ல விதி போட்டு அந்த நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல முதல் கூட்டம் போட்ட பகுதி சபா, அதாவது வார்டு மக்கள் கூடி கவுன்சிலர கேள்வி கேக்குற கூட்டம், வார்டுக்கு வார்டு ஒழுங்கா நடக்கணும், அங்க கவுன்சிலர் எந்திரிச்சு "போன கூட்டத்துல இந்த பொருளுக்கு இப்படி ஓட்டு போட்டேன்"னு சொல்லணும். மேயருக்கும் நமக்கும் நடுவுல இருக்குற கண்ணி கவுன்சிலர்தான், அந்தக் கண்ணிய நாம பாக்கணும்னா அவரு ஓட்டு நமக்கு தெரியணும்.

ஒருவேளை நாளைக்கே ஒரு அரசு துணிஞ்சு கமிஷனர மேயருக்கு கீழ கொண்டு வந்து, ஊராட்சித் தலைவர் மாதிரி நிர்வாக அதிகாரத்தையும் செக் கையெழுத்தையும் மேயர்கிட்ட கொடுத்தா, அன்னைக்கு நான் கட்சி மாறி நேரடி தேர்தல் பக்கம் வந்துருவேன், கூடவே காலி நாற்காலி சின்னமும் வேணும்பேன். அவ்வளவு அதிகாரம் உள்ள ஆள நாலு சுவத்துக்குள்ள 28க்கு 24னு முடிவு பண்ண விடக் கூடாது. இது நடக்குமானு சித்தப்பாகிட்ட கேட்டேன். "எம்எல்ஏக்கு மேல ஒருத்தன ஊருக்குள்ள வளர எந்த எம்எல்ஏவும் சட்டம் போடுவானாடே"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல.

மோசமானது எதுனா அதிகாரமும் இல்லாம, ஊர் முழுக்க பிரச்சாரச் செலவும் பண்ணி ஜெயிச்சு வர்ற நேரடி மேயர். ஒரு வார்டுக்கு செலவு பண்றவருக்கும் 52 வார்டுக்கு செலவு பண்றவருக்கும் வித்தியாசம் இருக்குல்ல. அவ்வளவு போட்டவரு அத எங்கேருந்து எடுப்பாருனு நான் சொல்ல வேண்டாம், எஸ்டிமேட்டும் எம்-புக்கும் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு தெரியும்.

மச்சான் வீட்டு ஸ்லாப் போட்டாச்சு. எட்டாவது மாசம். யாரு சொல்லி போட்டாங்கனு தெரியல, கவுன்சிலர் தான்தான்னாரு, சேர்மன் ஆபீஸ்ல அவங்கதான்னாங்க. சித்தப்பா சொல்லி மச்சான் அந்த மாச கூட்டப் பொருள் நகல் வாங்கி பாத்தான், அதுல அந்தத் தெரு பேரே இல்ல, மொத்தமா "பல்வேறு வார்டுகளில் ஓடை மேல்மூடி அமைத்தல்"னு ஒரே வரி, யாரும் விவாதிக்காம நிறைவேறியிருக்கு. நாகர்கோவில்ல இப்ப இருக்குற மன்றம் 2022 மார்ச்ல உக்காந்தது, அஞ்சு வருஷக் கணக்குக்கு 2027 தொடக்கத்துல அடுத்தது வரணும். ஓட்டு கேட்டு வீட்டுக்கு வர்ற ஆளுகிட்ட நான் ரோடு, தண்ணி எதுவும் கேக்கப் போறதில்ல, மேயர் தேர்தல்ல யாருக்கு போடுவீங்க, போட்டத எங்ககிட்ட எப்படி காட்டுவீங்கனு மட்டும்தான் கேக்கப் போறேன்.